அலுமினியம் சல்பேட் போலத் தெரிந்த ஈய நைட்ரேட்

பெயர் ஒட்டாத ஒரு குப்பியில் கொஞ்சம் வெள்ளைப் படிகங்கள் இருக்கின்றன. வாலை வடிநீரில் போட்டால் முழுவதும் கரைகின்றன, கரைசலுக்கு நிறம் இல்லை. இதில் உள்ள நேர்மின் அயனி எது, எதிர்மின் அயனி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பண்பறி பகுப்பாய்வு அட்டவணை பக்கத்தில் இருக்கிறது. எந்தக் கரைசலைச் சேர்த்தால் என்ன நிறத்தில் வீழ்படிவு வரும், அது எதில் கரையும், எந்த வாயு எந்தத் தாளின் நிறத்தை மாற்றும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

ஒருவர் இப்படிச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்க்கிறார். வெள்ளை வீழ்படிவு வருகிறது, இன்னும் சேர்த்தால் கரைந்துவிடுகிறது. புதிதாகக் கொஞ்சம் கரைசல் எடுத்து அம்மோனியாக் கரைசலைச் சேர்க்கிறார். மறுபடியும் வெள்ளை வீழ்படிவு, ஆனால் அம்மோனியாவை எவ்வளவு ஊற்றினாலும் இது கரையவில்லை. அட்டவணையில் தேடினால் அலுமினியம் என்று இருக்கிறது. அடுத்து, வேறொரு குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பேரியம் குளோரைடையும் அடுத்தடுத்து ஊற்றுகிறார். வெள்ளை வீழ்படிவு. அப்படியானால் சல்பேட். விடையாக அலுமினியம் சல்பேட் என்று எழுதுகிறார்.

குப்பியில் இருப்பது ஈய நைட்ரேட். இரண்டு அயனிகளில் ஒன்றுகூடச் சரியில்லை. இத்தனைக்கும் அவர் பார்த்தவை எல்லாம் உண்மை, அட்டவணையிலும் பிழை இல்லை. இந்தத் தவறு எங்கே நுழைந்தது என்று தேடிப் போனால், அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் எதைச் சொல்கிறது என்பது புரிந்துவிடும். அதனால்தான் இந்த ஓர் உப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், நிறமற்ற கரைசலில் வெள்ளை வீழ்படிவு தரும் ஐந்து அயனிகளுக்கான பகுதியைப் பார்க்கலாம்.

| அயனி | NaOH சில துளிகள் | NaOH மிகையாக | NH₃ கரைசல் சில துளிகள் | NH₃ கரைசல் மிகையாக |
|---|---|---|---|---|
| Al³⁺ | வெள்ளை, கூழ் போன்றது | கரையும் | வெள்ளை | கரையாது |
| Zn²⁺ | வெள்ளை | கரையும் | வெள்ளை | கரையும் |
| Pb²⁺ | வெள்ளை | கரையும் | வெள்ளை | கரையாது |
| Mg²⁺ | வெள்ளை | கரையாது | வெள்ளை | கரையாது |
| Ca²⁺ | வெள்ளை | கரையாது | வீழ்படிவு இல்லை | வீழ்படிவு இல்லை |

அலுமினிய வரிசையையும் ஈய வரிசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ‘கூழ் போன்றது’ என்ற ஒரு சொல்லை விட்டால் இரண்டும் ஒன்றே. அந்தச் சொல்லை நம்பி முடிவெடுக்க முடியாது, ஏனென்றால் புதிதாக உண்டான எந்த ஹைட்ராக்சைடும் குழாயில் கொஞ்சம் கூழாகத்தான் தெரியும். ஆகவே இந்த இரண்டு கரைசல்களை வைத்துக்கொண்டு ஒருவர் சொல்லக்கூடியது ‘அலுமினியம் அல்லது ஈயம்’ என்பது மட்டுமே. நம் ஆள் முதலில் பொருந்திய வரிசையோடு நின்றுவிட்டார். கீழே இன்னொரு வரிசையும் அதே மாதிரி பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை.

இப்படி இரண்டு உலோகங்கள் ஒத்துப்போவதற்குக் காரணம் இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடைச் சில துளிகள் விடும்போது உலோக அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து, மின்சுமை இல்லாத, நீரில் கரையாத ஹைட்ராக்சைடு உண்டாகிறது. வெள்ளையாகத் தெரிவது அதுதான். அலுமினியம், துத்தநாகம், ஈயம் ஆகிய மூன்றும் ஈரியல்பு கொண்டவை. இன்னும் ஹைட்ராக்சைடு கிடைத்தால் அதையும் பிணைத்துக்கொண்டு எதிர்மின்சுமை உள்ள அணைவாக மாறுகின்றன. மின்சுமை வந்ததும் மறுபடியும் நீரில் கரைகின்றன.

Al(OH)₃ + OH⁻ → [Al(OH)₄]⁻

மெக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் இந்தக் குணம் இல்லாததால் அவற்றின் வீழ்படிவு அப்படியே நிற்கிறது. ‘மிகையாக’ என்ற அந்தக் கட்டம்தான் ஐந்து உலோகங்களை மூன்றாகவும் இரண்டாகவும் பிரிக்கிறது. முதல் கட்டத்தில் எல்லாமே வெள்ளைதான், அது எதையும் பிரிப்பதில்லை.

இந்த இடத்தில் அளவு முக்கியமாகிறது. உலோக அயனி 0.1 மோல்/லிட்டர் செறிவில் உள்ள கரைசலில் 1 மில்லிலிட்டர் எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 0.1 மில்லிமோல் அலுமினியம் இருக்கும். முழுவதையும் வீழ்படிவாக்க 0.3 மில்லிமோல் ஹைட்ராக்சைடு வேண்டும், மறுபடியும் கரைக்கக் குறைந்தது 0.4 மில்லிமோல் வேண்டும். மேசையில் இருக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு 2 மோல்/லிட்டர் என்றால், ஒரு துளியில் (ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர்) 0.1 மில்லிமோல் இருக்கும். அதாவது மூன்றாவது துளியில் வீழ்படிவு முழுமையாகிறது, நான்காவது துளியில் கரையத் தொடங்குகிறது. குழாயைச் சாய்த்து ‘கொஞ்சம்’ ஊற்றுபவர் பத்துத் துளிகளை ஒரே நேரத்தில் ஊற்றியிருப்பார். வீழ்படிவு உண்டாகிக் கரைந்தும் போயிருக்கும், கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ‘வீழ்படிவு இல்லை’ என்று எழுதிவிடுவார்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. முதல் கட்டத்துக்கு அதே ஹைட்ராக்சைடை ஐந்து மடங்கு நீர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது வீழ்படிவு முழுமையாவதற்கு 15 துளிகள் ஆகும். ஒவ்வொரு துளிக்கும் குழாயைத் தட்டிக் கலக்கி, கரும்பின்னணியில் பார்க்க நேரம் கிடைக்கும். கரைகிறதா என்று பார்க்கும்போது மட்டும் நீர்க்காத கரைசலுக்கு மாறலாம். அப்போதும் நிறையச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன நான்கு துளி என்பது கணக்குப்படியான குறைந்தபட்ச அளவு. ஈயத்தின் வீழ்படிவு கரைய ஊடகம் மிகக் காரமாக இருக்க வேண்டும், அதனால் தாராளமாகவே விட வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்தினால் ஈயம் மெக்னீசியம் போலத் தெரியும்.

சரி, அம்மோனியாவுக்கு வருவோம். இது வலிமை குறைந்த காரம். 2 மோல்/லிட்டர் அம்மோனியாக் கரைசலில் ஹைட்ராக்சைடு அயனிச் செறிவு 0.006 மோல்/லிட்டர் அளவுதான், அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடில் இருப்பதைவிட 300 மடங்குக்கும் மேல் குறைவு. வீழ்படிவை உண்டாக்க இது போதும். அலுமினியத்தையும் ஈயத்தையும் ஹைட்ராக்சைடு அணைவாக மாற்றிக் கரைக்கப் போதாது. அப்படியானால் துத்தநாகம் மட்டும் ஏன் கரைகிறது? அது ஹைட்ராக்சைடால் கரைவதில்லை, அம்மோனியா மூலக்கூறையே பிணைத்துக்கொண்டு [Zn(NH₃)₄]²⁺ என்ற அணைவாகக் கரைகிறது. அலுமினியமும் ஈயமும் நீர்க்கரைசலில் அம்மோனியாவோடு அப்படிப்பட்ட அணைவைத் தருவதில்லை. ஆக, ‘மிகையாக, கரையும்’ என்று இரண்டு கட்டங்களில் ஒரே சொற்கள் இருந்தாலும் நடப்பவை இரண்டு வேறு வினைகள். துத்தநாகம் பிரிந்துபோனதும் அலுமினியமும் ஈயமும் சேர்ந்தே நின்றுவிடுகின்றன.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. அலுமினியத்தின் வீழ்படிவு மிகையான அம்மோனியாவில் கொஞ்சமும் கரையாது என்பது முழு உண்மை அல்ல. ஓரளவு கரையும். அதனால்தான் முறையான பகுப்பாய்வில் அம்மோனியாவுக்கு முன்னால் அம்மோனியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். அம்மோனியம் அயனி ஹைட்ராக்சைடு செறிவை இன்னும் கீழே இறக்கி அந்தக் கரைதலைத் தடுக்கிறது. அதே அம்மோனியம் அயனி இருந்தால் மெக்னீசியம் அம்மோனியாவில் வீழ்படிவே தராமல் போகலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அலுமினியத்தையும் ஈயத்தையும் பிரிக்க ஹைட்ராக்சைடை விட்டு வெளியே வர வேண்டும். ஈயம் கரையாத அயோடைடு, குளோரைடு, சல்பேட் ஆகியவற்றைத் தரும், அலுமினியம் தராது. இவற்றில் அயோடைடுதான் மிகத் தெளிவானது. உப்புக் கரைசலில் ஐந்து துளிகள் எடுத்து, அதில் சில துளிகள் பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்தால் பளிச்சென்ற மஞ்சள் வீழ்படிவு வரும். அப்புறம் 5 மில்லிலிட்டர் வாலை வடிநீர் சேர்த்துக் கொதிக்கும்வரை சூடாக்கினால் மஞ்சள் மறைந்து கரைசல் தெளியும். ஆறவிட்டால் பொன்னிறத் தகடுகளாக மினுங்கிக்கொண்டு படிகங்கள் இறங்கும். ஈய அயோடைடு கொதிநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம் கரையும், குளிர்ந்த நீரில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கரையாது. அதனால்தான் இப்படி நடக்கிறது. ஐந்து துளிக்குப் பதிலாக நிறைய எடுத்தால் அந்த நீரில் எல்லாம் கரையாது, சோதனையின் பாதி அழகு போய்விடும்.

மஞ்சளைப் பார்த்ததும் ஈயம் என்று எழுதுவதிலும் ஒரு குழி இருக்கிறது. அயோடைடை அயோடினாக மாற்றும் ஏதாவது கரைசலில் இருந்தால் (இரும்பு(III) அயனி அப்படிச் செய்யும்) கரைசலே மஞ்சள் பழுப்பாகும். அது தெளிவான மஞ்சள், குழாய்க்கு அப்பால் பிடித்த எழுத்தைப் படிக்கலாம். ஈய அயோடைடு கலங்கிய மஞ்சள், எழுத்து மறையும். இன்னொன்று, செறிவான பொட்டாசியம் அயோடைடை அளவில்லாமல் ஊற்றினால் ஈய அயோடைடும் அணைவாகிக் கரைந்துவிடும். அலுமினியத்தின் ஹைட்ராக்சைடுக்கு நடந்த கதைதான் இங்கேயும்.

நம் குப்பியின் கரைசல் அயோடைடோடு மஞ்சள் வீழ்படிவையும் பின்னர் பொன்னிறத் தகடுகளையும் தருகிறது. ஆக நேர்மின் அயனி ஈயம். இனி அந்த ‘சல்பேட்’ எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

பேரியம் சோதனைக்கு முன்னால் அமிலம் சேர்ப்பது ஏன்? பேரியம் கார்பனேட்டும் பேரியம் சல்பைட்டும் வெள்ளையானவை, நீரில் கரையாதவை. அமிலம் இருந்தால் அவை கரைந்துவிடும், பேரியம் சல்பேட் கரையாமல் நிற்கும். ஆக, அமிலத்தின் வேலை மற்ற வெள்ளைகளை விலக்குவது. ஆனால் அந்த அமிலமும் ஓர் எதிர்மின் அயனியைக் கொண்டுவருகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளோரைடு இருக்கிறது, பேரியம் குளோரைடிலும் இருக்கிறது. ஈய அயனியும் குளோரைடும் சந்தித்தால் ஈய குளோரைடு வெள்ளையாக விழும். நம் ஆள் பார்த்தது அதைத்தான். சல்பேட் அந்தக் குழாயில் இல்லவே இல்லை.

அமிலத்தை மட்டும் முதலில் ஊற்றிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் பேரியம் சேர்க்கும் முன்பே வெள்ளையைப் பார்த்திருப்பார். இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றியதால் எது எதனால் வந்தது என்பது தெரியாமல் போயிற்று. என் பார்வையில் பகுப்பாய்வில் மிக அதிகமாக ஏமாற்றுவது இந்த அவசரம்தான். அப்போதும் குழாயைச் சூடாக்கிப் பார்த்திருக்கலாம். ஈய குளோரைடு கொதிநீரில் ஓரளவு நன்றாகவே கரையும் (லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல்), ஆறினால் ஊசிப் படிகங்களாகத் திரும்பும். பேரியம் சல்பேட் எவ்வளவு கொதித்தாலும் அசையாது.

பொறுத்திருப்பது எப்போதும் காப்பாற்றாது என்பதையும் சொல்ல வேண்டும். ஈய குளோரைடு குளிர்ந்த நீரிலும் லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் கரையும். ஈயத்தின் செறிவு 0.001 மோல்/லிட்டர் அளவுக்கு இறங்கிவிட்டால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தாலும் வீழ்படிவு வராமல் போகலாம். ‘அமிலத்தில் வெள்ளை இல்லை, எனவே ஈயம் இல்லை’ என்று முடிவு செய்வது அங்கே தவறு. அயோடைடு அந்தச் செறிவிலும் பெரும்பாலும் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

சரியான வழி, நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கிவிட்டுப் பேரியம் நைட்ரேட்டைச் சேர்ப்பது. நைட்ரேட் எந்தச் சாதாரண உலோகத்தோடும் வீழ்படிவு தராது. நம் கரைசலில் இப்படிச் செய்தால் எதுவும் நடக்காது, சல்பேட் இல்லை என்பது உறுதி. எப்போதும் நைட்ரிக் அமிலத்தையே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். சல்பைட் இருந்தால் நைட்ரிக் அமிலம் அதைக் கொஞ்சம் சல்பேட்டாக மாற்றிவிடக்கூடும், அப்போது இல்லாத சல்பேட் வேறு வழியில் முளைக்கும். ஈயமும் வெள்ளியும் இல்லை என்று தெரிந்த கரைசலுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமே நல்லது. எந்த அமிலம் என்பது நேர்மின் அயனி எது என்பதைப் பொறுத்தது, ஆகவே அதை முதலில் முடித்துவிட்டு எதிர்மின் அயனிக்குப் போவதில் பொருள் இருக்கிறது. வெள்ளி நைட்ரேட் சோதனைக்கு மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் எல்லா உப்பும் குளோரைடாகிவிடும், எனவே நைட்ரிக் அமிலம்தான்.

ஈயம் என்று தெரிந்தவுடன் குழாயைத் தொடாமலே நிறைய விலக்கிவிடலாம். இந்த உப்பு குளிர்ந்த நீரில் தெளிவாகக் கரைந்தது. ஈயத்தின் சல்பேட், கார்பனேட், அயோடைடு ஆகியவை அப்படிக் கரையாது, குளோரைடும் புரோமைடும் கொஞ்சமாகவே கரையும். எளிதில் கரையும் ஈய உப்புகளில் வழக்கமாகக் கையில் வருபவை நைட்ரேட்டும் அசிட்டேட்டும்தான். ‘நீரில் கரைந்தது’ என்று முதல் வரியில் எழுதிவைத்துவிட்டு மறந்துபோகிற குறிப்புக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது. குழாய்நீரில் கரைத்திருந்தால் இந்தத் தடயமே கெட்டிருக்கும், ஏனென்றால் அதில் உள்ள கார்பனேட்டும் சல்பேட்டும் ஈயத்தோடு சேர்ந்து கரைசலைக் கலக்கியிருக்கும்.

நைட்ரேட்டுக்கு வீழ்படிவுச் சோதனை கிடையாது, அது எதோடும் வீழ்படியாது. எனவே அதை வாயுவாக மாற்றித்தான் பிடிக்க வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடில் அலுமினியத் தகடு கரையும்போது நைட்ரேட் அம்மோனியாவாக ஒடுக்கப்படுகிறது.

3NO₃⁻ + 8Al + 5OH⁻ + 18H₂O → 3NH₃ + 8[Al(OH)₄]⁻

வெறும் அலுமினியத் தகட்டுக்குப் பதிலாக, அலுமினியத்தோடு செம்பும் துத்தநாகமும் கலந்த தேவர்தா உலோகக்கலவைப் பொடியையும் எடுத்துக்கொள்ளலாம். அம்மோனியா ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும்.

நம் கரைசலில் இதை நேரடியாகச் செய்தால் அலுமினியம் ஈயத்தையும் வெளியே தள்ளும், தகட்டின் மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் ஈயம் படியும். அதைத் தவிர்க்க, உப்பில் ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு சோடியம் கார்பனேட் சேர்த்து நீரில் சில நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். ஈயம் கார்பனேட்டாக வடிதாளில் தங்கும், நைட்ரேட் சோடியத்தோடு வடிநீரில் வரும். அந்த வடிநீரில்தான் சோதனை செய்ய வேண்டும்.

இதில் இரண்டு பொய் நீலங்கள் வரலாம். உப்பில் அம்மோனியம் இருந்தால், அலுமினியம் சேர்க்காமல் சோடியம் ஹைட்ராக்சைடோடு சூடாக்கினாலே அம்மோனியா வரும். அதனால் முதலில் மூல உப்பில் கொஞ்சத்தைத் தனிக்குழாயில் எடுத்து, அலுமினியம் இல்லாமல் சூடாக்கிப் பார்க்க வேண்டும். லிட்மஸ் மாறாவிட்டால்தான் அடுத்த படி. இரண்டாவது, அலுமினியம் கரையும்போது ஹைட்ரஜன் நுரைத்துக்கொண்டு வரும், அதோடு காரத் துளிகளும் தெறிக்கும். ஒரு துளி தாளில் பட்டால் போதும், நீலமாகிவிடும். குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே பஞ்சைத் தளர்வாகச் செருகிவிட்டுத் தாளைப் பக்கச்சுவரில் படாமல் பிடித்தால் அந்தத் தொல்லை இல்லை. தெறிப்பினால் வரும் நீலம் புள்ளிபுள்ளியாக இருக்கும், வாயுவினால் வருவது தாள் முழுவதும் சீராகப் பரவும்.

மற்ற வாயுச் சோதனைகளிலும் இதே மாதிரி இரட்டையர்கள் உண்டு. சுண்ணாம்பு நீர் பால் போல ஆனால் கார்பன் டைஆக்சைடு என்று படித்திருப்போம், சல்பர் டைஆக்சைடும் அதைப் பாலாக்கும். வாயுவை முதலில் அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட் நனைத்த தாளில் காட்ட வேண்டும். ஆரஞ்சு பச்சையானால் சல்பைட் இருக்கிறது, சுண்ணாம்பு நீரை மட்டும் வைத்து அங்கே கார்பனேட் என்று சொல்ல முடியாது.

நம் வடிநீரில் அலுமினியத் தகடு சேர்த்ததும் லிட்மஸ் சீராக நீலமாகிறது, தகடு இல்லாமல் சூடாக்கிய குழாயில் மாறவில்லை. நைட்ரேட். வேறொரு வழியில் சரிபார்க்க விரும்பினால், புகைபோக்கிக் கூண்டுக்குள் உலர்ந்த உப்பை ஒரு சிட்டிகை எடுத்துக் குழாயில் சூடாக்கலாம். படபடவென்று வெடித்துச் சிதறும், பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு கிளம்பும், ஆறிய பின் மஞ்சள் நிற ஈய ஆக்சைடு எஞ்சும். உண்மையான அலுமினியம் சல்பேட் படிகத்தைச் சூடாக்கினால் குழாயின் மேல்பகுதியில் நீர்த்துளிகள்தான் முதலில் ஒட்டும்.

சந்தேகம் இருந்தால் ஒரு தாங்கியில் மூன்று குழாய்களை வரிசையாக நிறுத்துங்கள்: தெரியாத உப்பு ஒன்றில், பெயர் தெரிந்த அலுமினியம் சல்பேட் ஒன்றில், வெறும் வாலை வடிநீர் ஒன்றில். ஒவ்வொரு கரைசலையும் மூன்றிலும் ஒரே அளவில் விடுங்கள். நைட்ரிக் அமிலமும் பேரியம் நைட்ரேட்டும் சேர்க்கும்போது நடுக்குழாய் மட்டும் வெளுக்கும், அயோடைடு சேர்க்கும் இன்னொரு வரிசையில் முதல் குழாய் மட்டும் மஞ்சளாகும். வெறும் வாலை வடிநீர் உள்ள குழாயில் ஏதாவது தெரிந்தால், குறை உப்பில் இல்லை, மேசையில் இருக்கும் ஏதோ ஒரு குப்பியில் இருக்கிறது. காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொண்ட பழைய சோடியம் ஹைட்ராக்சைடு அதில் முதல் சந்தேகத்துக்குரியது. ஈயம் சேர்ந்த குழாய்களைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், ஈயக் கழிவுக்கென்று வைத்த பாட்டிலில் சேர்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.